ஜனவரி சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வருமான வரியைச் சரிசெய்யக் கோரும் கடிதம்

நாள்: 03.02.2025
இடம்: சென்னை

அனுப்புநர்:
மா. பொன்மலர்
பணியாளர் எண் 20417
தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு

பெறுநர்:
மேலாளர் அவர்கள்
சம்பளப் பிரிவு

பொருள்: 2024-25 நிதியாண்டு. முதலீட்டு ஆதாரங்களை உரிய நாளுக்குள் தராததால் ஜனவரி மாதச் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கப்பட்ட வரியை, பிரிவு 192(3)-இன்படி இந்த நிதியாண்டுக்குள்ளேயே சரிசெய்து தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜனவரி 31 அன்று வந்த என் சம்பளச் சீட்டில் வருமான வரிப் பிடித்தம் 45,693 ரூபாய் என்று இருக்கிறது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மாதாமாதம் 8,207 ரூபாய்தான் பிடித்து வந்தீர்கள். பிஎஃப்பும் வரியும் போக வழக்கமாக 1,04,593 ரூபாய் வரும் இடத்தில் இம்முறை 67,107 ரூபாய்தான் வந்தது. காரணம் எனக்குத் தெரியும். ஆதாரங்களைப் பதிவேற்ற நீங்கள் தந்த ஜனவரி 6 முதல் 20 வரையான நாட்களில் நான் எதையும் பதிவேற்றவில்லை. தவறு என்னுடையது. அதை முதலில் சொல்லிவிட்டே மற்றதைக் கேட்கிறேன்.

ஜனவரி 4-ஆம் தேதி திருநெல்வேலியில் என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 6-ஆம் தேதி அறுவை சிகிச்சை. அன்று முதல் 24 வரை நான் விடுப்பில் இருந்தேன். விடுப்பு முறையாக அனுமதிக்கப்பட்டது, பதிவிலும் இருக்கிறது. பொங்கல் நாட்களும் மருத்துவமனையிலேயே போயின. அலுவலக மடிக்கணினியை எடுத்துச் செல்லவில்லை. உங்கள் நினைவூட்டல்கள் மூன்றும் அலுவலக மின்னஞ்சலுக்கு வந்திருந்ததை 27-ஆம் தேதி வேலைக்குத் திரும்பிய பிறகுதான் பார்த்தேன். அதற்குள் போர்ட்டல் மூடியிருந்தது, ஜனவரி சம்பளக் கணக்கும் முடிந்திருந்தது.

நடந்தது என்னவென்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏப்ரலில் நான் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்து, வாடகை, காப்பீடு, என்பிஎஸ் எல்லாவற்றையும் உத்தேசமாக அறிவித்திருந்தேன். அதை வைத்து ஆண்டு வரி 98,488 ரூபாய் என்று எடுத்து, பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்துப் பிடித்து வந்தீர்கள். ஆதாரம் வராததால் ஜனவரியில் அந்த அறிவிப்புகள் எல்லாம் பூஜ்யமாகிவிட்டன. உங்களிடமே கணக்கு இருக்கும் பிஎஃப் மட்டும் மிஞ்சியது. வரிக்குரிய வருமானம் 13,01,100 ரூபாயாகி, ஆண்டு வரி 2,10,943-க்கு ஏறியது. ஏற்கெனவே பிடித்த 73,863 போக மீதி 1,37,080 ரூபாயை மூன்று மாதங்களுக்கு வகுத்ததில் வந்ததுதான் இந்த 45,693. மென்பொருள் அதன் விதிப்படி செய்திருக்கிறது, அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் இப்படியே விட்டால் மார்ச் முடிவில் நான் கட்ட வேண்டியதைவிட 1,12,455 ரூபாய் அதிகமாகப் போயிருக்கும்.

என் உண்மையான கணக்கு இது. ஆண்டு மொத்தச் சம்பளம் 14,40,000. அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000, வீட்டு வாடகைப்படி 30,000. பெரம்பூரில் குடியிருக்கும் வீட்டுக்கு மாதம் 24,000 வாடகை தருகிறேன். வாடகைப்படி விலக்குக்கு மூன்று தொகைகளில் எது குறைவோ அதைத்தானே எடுக்க வேண்டும்? பெற்ற படி 3,60,000. சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதியும் அதே 3,60,000. கொடுத்த வாடகை 2,88,000-இல் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதமான 72,000-ஐக் கழித்தால் 2,16,000. ஆக விலக்கு 2,16,000. நிலைக்கழிவு 50,000, தொழில் வரி 2,500. இவை போகச் சம்பள வருமானம் 11,71,500 ஆகிறது.

80சி-யில் பிஎஃப் 86,400, எல்ஐசி பிரீமியம் 28,000, மகளின் பள்ளிக் கல்விக் கட்டணம் 40,000. கூட்டினால் 1,54,400 வருகிறது, உச்சவரம்பு 1,50,000 மட்டுமே கேட்கிறேன். பள்ளி ரசீதில் போக்குவரத்துக் கட்டணமும் சேர்ந்திருக்கும். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை, கல்விக் கட்டணம் தனித் தொகையாகவே குறிக்கப்பட்டுள்ளது. என்பிஎஸ் முதல் நிலைக் கணக்கில் டிசம்பரில் கட்டிய 50,000 ரூபாய் 80சிசிடி(1பி)-யில் வரும். 80டி-யில் எங்கள் குடும்ப மருத்துவக் காப்பீடு 18,500, பெற்றோருக்கான காப்பீடு 42,000. அப்பாவுக்கு வயது 71, அம்மாவுக்கு 66. மூத்த குடிமக்களுக்கான 50,000 வரம்புக்குள் அது அடங்கும். இரண்டு பிரீமியமும் என் வங்கிக் கணக்கிலிருந்து போனவை. இவற்றையெல்லாம் கழித்தால் வரிக்குரிய வருமானம் 9,11,000. அதற்கு வரி 94,700, நான்கு சதவீத செஸ் 3,788, மொத்தம் 98,488. ஏப்ரலில் நீங்கள் எடுத்த அதே தொகைதான். அறிவித்தபடியே செலவும் சேமிப்பும் செய்திருக்கிறேன்.

சனிக்கிழமை உங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசியபோது, "காலக்கெடு முடிந்துவிட்டது, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ரீஃபண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னார்கள். அப்படி வாங்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஜனவரி 20 என்பது நம் நிறுவனம் வேலை வசதிக்காக வைத்த தேதி, சட்டம் வைத்த தேதி அல்ல. ஒரு நிதியாண்டில் முன்பு கூடுதலாகவோ குறைவாகவோ பிடித்திருந்தால், அதே ஆண்டின் அடுத்த பிடித்தங்களில் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வருமான வரிச் சட்டத்தின் 192(3) பிரிவு சம்பளம் கொடுப்பவருக்கு இடம் தருகிறது. நிதியாண்டு முடிய இன்னும் இரண்டு சம்பளங்கள் இருக்கின்றன. உங்கள் ஆண்டு விவரம் போகும் நான்காம் காலாண்டின் 24க்யூ படிவத்துக்கும் மே 31 வரை நேரம் இருக்கிறது. ரிட்டர்ன் வழியில் போனால் ஜூன் நடுவில் படிவம் 16 வந்து, தாக்கல் செய்து, அது பரிசீலனையாகி, அப்புறம்தான் பணம் வரும். படிவம் 16-இல் இல்லாத வாடகை விலக்கை ரிட்டர்னில் கேட்டால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரவும் கூடும். கையில் எல்லா ஆதாரமும் இருக்கும்போது அந்த நிலை வேண்டாமே என்றுதான் கேட்கிறேன்.

பணத்தேவையையும் மறைக்காமல் சொல்கிறேன். அப்பாவின் சிகிச்சையில் காப்பீடு ஏற்றது போக 1,40,000 ரூபாய் நாங்கள் கட்ட வேண்டியிருந்தது. அதில் 60,000 கடனாக வாங்கியது, இந்த மாதம் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பிசியோதெரபிக்கு வாரத்தில் மூன்று நாள் ஆள் வருகிறார். வாடகையும் மளிகையும் வழக்கம்போல் உண்டு. மூன்று மாதம் தொடர்ந்து இந்தச் சம்பளத்தில் சமாளிப்பது எனக்கு உண்மையிலேயே கஷ்டம்.

எனவே இரண்டு வழிகளில் முடிந்ததைச் செய்து தர வேண்டுகிறேன். ஜனவரி மாதப் பிடித்தத்தை அரசுக்குச் செலுத்தக் கடைசி நாள் பிப்ரவரி 7, அதாவது வரும் வெள்ளிக்கிழமை. இன்னும் செலுத்தவில்லை என்றால், என் ஜனவரி வரியை 8,207 என்று திருத்தி, கூடுதலாகப் பிடித்த 37,486 ரூபாயைத் தனியாக என் கணக்கில் வரவு வையுங்கள். பிப்ரவரியில் 8,207, மார்ச்சில் 8,211 பிடித்தால் 98,488 சரியாக முடியும். இந்தக் கடிதத்தை இன்றே நேரில் கொண்டுவந்து தருவதும் அதற்காகத்தான்.

பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரி எதுவும் பிடிக்க வேண்டாம். இதுவரை பிடித்தது 1,19,556 ரூபாய், அதாவது முழு ஆண்டு வரியைவிட 21,068 அதிகம். அந்த மீதியை மட்டும் நான் ரிட்டர்னில் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் படிவம் 16-இல் எல்லா விலக்குகளும் கழிவுகளும் முழுமையாக வர வேண்டும். எந்த வழியானாலும் என் பெயரைப் புதிய வரி முறைக்கு மாற்றிவிட வேண்டாம். அதில் எனக்கு வரி 1,17,520 ஆகிறது. ஏப்ரலில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்த பதிவு போர்ட்டலில் அப்படியே இருக்கிறது, பார்த்துவிட்டேன். சனிக்கிழமை பட்ஜெட்டில் அறிவித்த பன்னிரண்டு லட்சம் வரை வரியில்லை என்பது வரும் ஏப்ரல் முதல்தான். இந்த ஆண்டுக் கணக்கை அது தொடாது.

கையெழுத்திட்ட படிவம் 12பிபியை இணைத்திருக்கிறேன். அதனுடன் ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்து மாத வாடகை ரசீதுகள், வாடகை போனதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம், இரண்டு வாடகை ஒப்பந்தங்கள் உள்ளன. பதினொரு மாத ஒப்பந்தம் ஜூன் மாதத்தோடு முடிந்து ஜூலையில் புதிதாகப் போட்டோம், அதனால்தான் இரண்டு. வீட்டுக்காரம்மா வாடகையை உயர்த்தவில்லை, இரண்டிலும் 24,000 என்றே இருக்கும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் அவருடைய பான் அட்டை நகலும் வைத்திருக்கிறேன். எல்ஐசி, பள்ளி, என்பிஎஸ், இரண்டு மருத்துவக் காப்பீட்டு ரசீதுகளும் உண்டு. பிப்ரவரி, மார்ச் வாடகை ரசீதுகளை அந்தந்த மாதம் வாடகை கொடுத்த மறுநாளே தந்துவிடுகிறேன். அசலைப் பார்க்க வேண்டுமென்றால் எப்போது கூப்பிட்டாலும் எடுத்துவருகிறேன். போர்ட்டலில்தான் ஏற்ற வேண்டும் என்றால் என் பணியாளர் எண்ணுக்கு மட்டும் ஒரு நாள் திறந்துவிடுங்கள், அன்றே ஏற்றிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நீண்ட விடுப்பில் இருப்பவர்களுக்கு இந்த நினைவூட்டலைக் கைபேசிக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பினால் நல்லது. எங்கள் பிரிவில் பிரசவ விடுப்பில் இருக்கும் தோழி ஒருவரும் தேதியைத் தவறவிட்டிருக்கிறார். அவரும் உங்களிடம் எழுதுவார்.

பிப்ரவரி 7-க்குள் எந்த வழி என்று ஒரு வரி பதில் அனுப்பினால், கடன் கொடுத்தவரிடம் நான் தேதி சொல்ல முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மா. பொன்மலர்

நகல்: தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு மேலாளர், மனிதவளப் பிரிவு