பயிற்சித்தாள் 4: ஒரு முகவரித் தொகுதியைச் சம அளவான சப்நெட்டுகளாகப் பிரித்தல்

பாடம்: கணினி வலையமைப்பு
நேரம்: 1 மணி 15 நிமிடம். மொத்தப் புள்ளிகள்: 40
கணிப்பான் வேண்டாம். செய்கை வழி முழுவதையும் கொப்பியில் காட்டுங்கள். விடை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிதான்.

நிலைமை

யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு ஆறு கிளைகள்: நல்லூர், கோண்டாவில், சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, வேலணை. எல்லாக் கிளைகளும் நல்லூரில் உள்ள ஒரே ரவுட்டரோடு இணைகின்றன. உள்ளக வலையமைப்புக்கு 172.20.16.0/22 என்ற தொகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சப்நெட், எல்லாம் ஒரே அளவு. மேலே சொன்ன வரிசையிலேயே, 0ஆம் சப்நெட்டிலிருந்து கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் ஹோஸ்ட் முகவரி ரவுட்டருக்கு.

தொடங்குமுன்

ஆறு கிளை என்பதற்காகத் தொகுதியை ஆறாகப் பிரிக்க முடியாது. கடன் வாங்கும் ஒவ்வொரு பிட்டும் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும்: 2, 4, 8. நான்கு போதாது, ஆகவே எட்டு. அதற்கு மூன்று பிட் வேண்டும். /22 என்பது /25 ஆகும்.

```
/22  11111111.11111111.11111100.00000000
/25  11111111.11111111.11111111.10000000
```

இரண்டு வரிகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து நிதானமாகப் பாருங்கள். கடன் வாங்கிய மூன்று பிட்டுகளில் இரண்டு மூன்றாவது எண்ணுக்குள்ளும், ஒன்று நான்காவது எண்ணுக்குள்ளும் நிற்கின்றன. இந்தத் தாளில் பலரும் தடுமாறுவது இங்கேதான். புள்ளி நாம் வாசிக்க வசதியாகப் போட்டது. ரவுட்டருக்கு அது 32 பிட் கொண்ட ஒரே எண். அட்டவணையை மனப்பாடம் செய்தவர்களுக்கு இது கைகொடுக்காது. துவித எண்ணில் எழுதிப் பார்ப்பவர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை.

மாதிரிக்கு 5ஆம் சப்நெட், அதாவது வேலணை. 5 என்பது துவிதத்தில் 101. முதல் இரண்டு பிட் 10, ஆகவே மூன்றாவது எண் 16 + 2 = 18. கடைசி பிட் 1, ஆகவே நான்காவது எண் 128.

```
சப்நெட்          172.20.18.128/25
ரவுட்டர்         172.20.18.129
கடைசி ஹோஸ்ட்    172.20.18.254
பிராட்காஸ்ட்     172.20.18.255
```

சில பழைய நூல்களில் முதல் சப்நெட்டையும் கடைசிச் சப்நெட்டையும் ஒதுக்கிவிடச் சொல்லியிருக்கும். 1985இல் வந்த ஆர்.எஃப்.சி. 950இன் வழக்கம் அது. 1995இல் வந்த ஆர்.எஃப்.சி. 1878 அது காலாவதியானது என்றே சொல்லிவிட்டது. ஆகவே எட்டையும் கணக்கில் எடுங்கள்.

வினாக்கள்

1. 172.20.16.0/22 தொகுதியில் மொத்தம் எத்தனை முகவரிகள்? /25 மாஸ்க்கைப் புள்ளியிட்ட தசம வடிவில் எழுதுக. ஒரு கிளையில், ரவுட்டர் நீங்கலாக, அதிகபட்சம் எத்தனை கணினிகளுக்கு முகவரி கொடுக்கலாம்? (6 புள்ளிகள்)

2. மேலே உள்ள மாதிரி போலவே மற்ற ஏழு சப்நெட்டுகளுக்கும் விவரம் எழுதுக. ஒவ்வொன்றுக்கும் மூன்று பிட்டுகளைக் கட்டாயம் காட்ட வேண்டும். கடைசிச் சப்நெட்டின் பிராட்காஸ்ட் 172.20.19.255 ஆக வராவிட்டால், எங்கோ பிழை இருக்கிறது. திரும்பிப் போய்ப் பாருங்கள். (14 புள்ளிகள்)

3. 172.20.17.255 என்ற முகவரியை ஒரு கணினிக்குக் கொடுக்கலாமா? பிரிப்பதற்கு முன் /22 ஆக இருந்தபோது? பிரித்த பின்? இரண்டுக்கும் காரணம் எழுதுக. (4 புள்ளிகள்)

4. சுன்னாகம் கிளைக்கான ரவுட்டர் அமைப்பு இது:

```
interface GigabitEthernet0/1
 ip address 172.20.17.1 255.255.255.128
 no ip proxy-arp
```

அங்கே 172.20.17.40 என்ற கணினிக்கு யாரோ அவசரத்தில் 255.255.255.0 என்று மாஸ்க் போட்டுவிட்டார்கள். கேட்வே சரியாகவே இருக்கிறது. இணையம் வேலை செய்கிறது, நல்லூரில் உள்ள சேர்வரும் கிடைக்கிறது. சாவகச்சேரியில் 172.20.17.200இல் உள்ள பிரிண்டர் மட்டும் கிடைக்கவில்லை.

(அ) பிரிண்டருக்கு அனுப்பும்போது அந்தக் கணினி யாரைத் தேடி ஏ.ஆர்.பி. கேட்கும்? ஏன் பதில் வராது? (4 புள்ளிகள்)
(ஆ) சாவகச்சேரியில் மாஸ்க் சரியாக உள்ள ஒரு கணினியிலிருந்து 172.20.17.40க்குப் பிங் கொடுத்தால், கோரிக்கை சுன்னாகம் வரை போய்ச் சேருமா? பதில் எங்கே நின்றுவிடும்? (4 புள்ளிகள்)

களத்தில் வேலைக்குப் போகும்போது இந்தப் பிழையை அடிக்கடி காண்பீர்கள். கேபிளைக் கழற்றி மாட்டுமுன் மாஸ்க்கைப் பாருங்கள்.

5. அடுத்த ஆண்டு சாவகச்சேரியில் 140 கணினிகள் வரப்போகின்றன. ஒரு மாணவர், "அடுத்த சப்நெட்டான 172.20.18.0/25ஐப் பருத்தித்துறையிடமிருந்து எடுத்து, 172.20.17.128/25ஓடு சேர்த்து ஒரே /24 ஆக்கலாம், சேர்" என்கிறார். பருத்தித்துறை சம்மதித்தாலும் இது ஏன் நடக்காது? துவித எண்ணில் காட்டுக. எந்தக் கிளைக்கும் ஒதுக்கப்படாத சப்நெட்டுகளை மட்டும் வைத்து, சாவகச்சேரிக்கு ஒரு /24 கொடுக்கும் வழியை எழுதுக. (8 புள்ளிகள்)