சிரமத்துக்கு உள்ளாயினர்

இரவு 10 மணி. காலை 9 மணிக்குள் 3,000 சொல் கட்டுரையைத் துறையில் சேர்க்க வேண்டும். கயல்விழியின் திரையில் தலைப்பு மட்டுமே இருந்தது: '2019 சென்னைக் குடிநீர்த் தட்டுப்பாடு'. தினமும் மாலையில் தி.நகர் ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு வியாசர்பாடி வந்து சேர்வதற்குள் கண் சொக்கிவிடும்.

வகுப்புத் தோழி கொடுத்த எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் பதில் வந்திருந்தது. "1,500 ரூபாய். பாதியை இப்போது அனுப்புங்கள். விடிவதற்குள் கட்டுரை கைக்கு வந்துவிடும், யாருக்கும் தெரியாது." கூடவே மாதிரிக்கு ஒரு பக்கம்.

சம்பளம் நேற்றுத்தான் வந்திருந்தது. 750 என்று தொகையை அடித்தாள். ரகசிய எண்தான் பாக்கி. அதற்குமுன் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பிழையில்லாத நடை. "பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டதால் மக்கள் பெரும் சிரமத்துக்கு உள்ளாயினர்."

அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அப்போது அவள் பத்தாம் வகுப்பு. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாள் இரவே குடங்களை வரிசையில் வைத்துவிடுவார்கள். எல்லாம் ஒரே பச்சை பிளாஸ்டிக் என்பதால் தன் குடத்தின் கழுத்தில் நகப்பூச்சால் 'க' என்று எழுதியிருந்தாள். பணம் வாங்கி எழுதுகிறவருக்கு அந்தக் குடத்தைப் பற்றி என்ன தெரியும்?

"அம்மா, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, நமக்குக் கிடைத்ததா?"

"ரயில் வில்லிவாக்கத்துக்குத்தானே வந்தது? நம் தெருவுக்கு லாரிதான்" என்றாள் அம்மா, பாயை விரித்தபடி. "அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் தேய்த்து, அதையே கழிவறைக்கு ஊற்றினோம். மறந்துவிட்டாயா?"

"மழைநீர்த் தொட்டி? 2003-லேயே கட்டாயம் ஆக்கினார்களே!"

"நம் வீட்டுத் தொட்டியில் மண்தான் இருந்தது. யார் தூர் வாரினார்கள்?"

கயல்விழி பணம் அனுப்பும் பக்கத்தை மூடி, அந்த எண்ணையும் நீக்கினாள். பிறகு பேராசிரியைக்கு மின்னஞ்சல் எழுதினாள். அனுப்புவதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

'அம்மா, கட்டுரையை நான் இன்னும் தொடங்கவே இல்லை. வெள்ளிக்கிழமை வரை அவகாசம் வேண்டும். மதிப்பெண் குறைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் நடந்ததை வைத்து எழுத விரும்புகிறேன்.'

எழுத உட்கார்ந்தாள். தூர் வாராத தொட்டியிலிருந்து தொடங்கினாள். 2 மணிக்கு இரண்டு பக்கம் ஆகியிருந்தது.

காலை 6 மணிக்குப் பதில் வந்தது. 'நாளொன்றுக்கு 5 மதிப்பெண் குறையும், அதில் மாற்றமில்லை. வெள்ளிக்கிழமை கொடுங்கள். எழுதிய வரை இன்று காட்டுங்கள். லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்தது என்று விசாரித்தீர்களா?'

விசாரிக்கவில்லை. அம்மாவை எழுப்பிக் கேட்டாள்.

"மாடி வீட்டு அக்காவைக் கேள். தெருவுக்கே டோக்கன் கொடுத்தது அவர்தான்."

நோட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.