குளிர்மாதங்களுக்கான கடைத் திட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

போன குளிரில் மூன்றாவது முறையாகக் கைமாற்று கேட்டு வந்தபோது, “அடுத்த முறை பணம் கேட்பதற்கு முன் திட்டத்தை எழுதிக்கொண்டு வா” என்றீர்கள். இப்போது கோடையின் நடுப்பகுதி. கடை முன்னால் வரிசை நிற்கிறது, கல்லா நிறைகிறது. இந்த நேரத்தில் திட்டம் எழுதுவது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். கல்லா காலியான பிறகு எழுதினால் அது திட்டமாக இருக்காது, இன்னொரு கைமாற்றுக் கடிதமாகத்தான் இருக்கும். அதனால் இப்போதே எழுதுகிறேன். இதில் உங்களிடம் பணம் கேட்கவில்லை; வேறொன்று கேட்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கணக்கைப் பணத்தில் எழுதினால் கோடையின் பெரிய தொகைகள் கண்ணைக் கட்டிவிடுகின்றன. ஆகவே எல்லாவற்றையும் கிளாஸில் எழுதியிருக்கிறேன். ஓர் எலுமிச்சை ஜூஸ் விற்றால் பழம், சர்க்கரை, ஐஸ், தம்ளர் எல்லாம் போகக் கையில் நிற்பது எவ்வளவோ, அதுதான் ஒரு கிளாஸ். மற்ற ஜூஸ்களையும் சோடாவையும் அதற்கு ஈடாக மாற்றிக்கொண்டேன்.

போன வருடம் என்ன நடந்தது

கடையைத் திறந்தாலே ஒரு நாளைக்கு 90 கிளாஸ் செலவு. வாடகை 34, உதவியாளர் சம்பளம் 38, மின்சாரம் 10, தண்ணீர், துப்புரவு, சில்லறை 8. வீட்டுக்கு நாளுக்கு 70 கிளாஸ் எடுக்கிறோம். அதில் குறைக்க இடமில்லை, பிள்ளைகளின் படிப்பு அதில்தான் போகிறது.

கோடையின் 120 நாட்களில் சராசரியாக 260 கிளாஸ் விற்றது. செலவு போக 170 மிச்சம். இடைப்பட்ட 125 நாட்களில் 130 விற்றது, மிச்சம் 40. மழையும் குளிருமான 120 நாட்களில் 55தான். அதாவது கடையைத் திறந்த ஒவ்வொரு நாளும் 35 கிளாஸ் கைவிட்டுப் போயிற்று. 120 நாட்களுக்கு 4,200.

இந்த 4,200ஐப் பார்த்ததும் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த நான்கு மாதமும் கடையைப் பூட்டிவிட்டு வாடகை மட்டும் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 34 பெருக்கல் 120, மொத்தம் 4,080. காலை முதல் இரவு வரை ஈரக் காற்றில் நின்று, ஐஸ் வாங்கி, அதைக் கரையவிட்டு, நான் உழைத்ததன் பலன், பூட்டிய கடையை விட 120 கிளாஸ் கூடுதல் நட்டம். இரண்டு நாள் இதை மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரிதான்.

வருடம் முழுவதையும் சேர்த்தால் கடை தந்தது 21,200, வீடு எடுத்தது 25,550. துண்டு விழுந்தது 4,350. நீங்கள் மூன்று தவணையில் தந்ததும் ஏறத்தாழ அதே தொகை. குளிர்மாத நட்டம் 4,200, வருடத் துண்டு 4,350. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோதுதான் எனக்கு விளங்கியது: குளிரில் கடை சம்பாதிக்கவே வேண்டாம். சம்பாதித்ததைத் தின்னாமல் இருந்தால் போதும். கோடையைப் போல இன்னொரு கோடையைக் குளிரில் உண்டாக்கப் பார்த்ததுதான் இதுவரை நான் செய்த தவறு. இனிப்புகள், வண்ண விளக்கு, புதிய பெயர்ப் பலகை என்று எதையெல்லாமோ செய்தேன். அந்தப் பட்டியலை உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கூரைக்குக் கீழே நின்றவர்கள்

போன மழையில் ஒரு மாலை, சுமார் 40 நிமிடம் விடாமல் பெய்தது. நம் கூரைக்குக் கீழே 22 பேர் ஒதுங்கினார்கள்; வேலை இல்லாததால் எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லோரும் கடையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்து நின்றார்கள். மூன்று பேர்தான் திரும்பி எதையாவது கேட்டார்கள், அதில் ஒருவர் கேட்டது சில்லறை. ஓர் அம்மா குழந்தையின் கைகளைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் இரண்டு ஃப்ரிட்ஜும் ஓர் ஐஸ் பெட்டியும் உறுமிக்கொண்டிருந்தன.

மழையில் ஆள் வரவில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது பொய். ஆள் வருகிறார்கள், தாமாகவே வருகிறார்கள். அவர்கள் கையில் பிடிக்கச் சூடாக ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

என்ன விற்கப் போகிறேன்

இரண்டே பொருள்: இஞ்சி டீ, மிளகு போட்ட காய்கறி சூப். மூன்றாவதாக எதையும் சேர்க்க மாட்டேன், நீங்களே சொன்னாலும் கூட.

டீயை வீட்டில் இருபது நாளாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் நாள் பால் திரிந்தது. பால் பழையது என்று நினைத்து மறுநாள் புதிய பால் வாங்கினேன், அதுவும் திரிந்தது. குற்றம் பாலில் இல்லை. பச்சை இஞ்சியை நசுக்கி நேராகப் பாலில் போட்டால், இஞ்சியில் இருக்கும் நொதி பாலைக் கெட்டியாக்கிவிடுகிறது. இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். அதன் பிறகு டீத்தூள், கடைசியாகப் பால். அதன் பின் ஒரு நாளும் திரியவில்லை. ஒரு பானை நிறையப் போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைக்கப் போவதில்லை. நேரம் ஆக ஆக டீ கசக்கிறது. எட்டுத் தம்ளர் அளவுக்கு ஒரு பாத்திரம், தீர்ந்தால் அடுத்தது.

சூப் மாலை நான்கு மணிக்கு மேல்தான். பதினைந்து கிண்ணத்துக்கு மேல் வைக்க மாட்டேன். அடுப்பை அணைக்காமல் ஆவி பறக்கும் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும். இரவு மிஞ்சினால் கொட்டிவிடுவேன், மறுநாள் சூடுபண்ணி விற்க மாட்டேன். ஒரு வாடிக்கையாளருக்கு வயிறு கெட்டால் அடுத்த கோடையும் சேர்ந்து கெட்டுவிடும்.

டீயில் நிற்பது அரை கிளாஸ்தான். 40 டீ என்றால் 20 கிளாஸ். சூப் ஒன்றுக்கு 0.8, பதினைந்துக்கு 12. கேஸுக்கு 5 கழித்தால் சூடான பக்கத்திலிருந்து 27. ஜூஸ் வழக்கமாக 55. டீ இருப்பதால் சிலர் ஜூஸை விட்டுவிடுவார்கள் என்று 45 ஆகக் குறைத்துக்கொண்டேன். ஆக நாளுக்கு 72.

செலவில் குறைப்பது

90ஐ 72க்குக் கொண்டுவர வேண்டும். வாடகை 34 அசையாது, கேட்டுப் பார்த்துவிட்டேன். சில்லறைச் செலவு 8 அப்படியே.

உதவியாளரை நிறுத்த மாட்டேன். கோடையில் மணிக்கு நாற்பது கிளாஸ் போடும் கை அது. நிறுத்தினால் பக்கத்துக் கடைக்காரர் மறுநாளே கூப்பிட்டுக்கொள்வார். குளிர்மாதங்களில் மதியம் இரண்டு முதல் இரவு எட்டு வரை மட்டும் வரச் சொல்லியிருக்கிறேன், சம்பளம் 38க்குப் பதில் 26. காலையில் வேறொரு வேலை பார்த்துக்கொள்வதாக அவரே சொன்னார். இதைக் குளிர் வந்த பிறகு திடீரென்று சொல்லாமல் இப்போதே சொன்னதில் அவருக்கும் வருத்தமில்லை.

மின்சாரம் 10லிருந்து 4. ஐஸ் பெட்டியை நான்கு மாதமும் அணைத்துவிடலாம். தேவையான ஐஸை நாள்தோறும் கொஞ்சமாக வெளியில் வாங்கிக்கொள்வேன், அதன் விலை ஜூஸ் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. அணைத்த பெட்டியைத் துடைத்து உலர்த்தி, மூடிக்கு இடையில் ஒரு மரத்துண்டு வைத்துத் திறந்தே விட வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஈரத்தோடு மூடி வைத்ததில் ரப்பர் முழுவதும் பூஞ்சை பிடித்து, கோடை தொடங்கிய வாரத்தில் மாற்ற வேண்டி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

34, 26, 4, 8. கூட்டினால் 72. வரவும் 72. ஒரு கிளாஸ் கூட மிஞ்சவில்லை. வேண்டுமென்றே சமமாக்கி எழுதியது போலத் தெரியும், இல்லை. டீயை 60 என்று எழுதி லாபம் காட்டியிருக்கலாம். 40ஐயே நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை.

தொடங்கி முப்பது நாள் ஆனதும் நோட்டைப் பார்ப்பேன். நாளுக்கு 72க்குப் பதில் 60க்குக் கீழே இருந்தால், காலை நேரத்தை விட்டுவிட்டு மதியத்துக்கு மேல் மட்டும் திறப்பேன். 38க்குக் கீழே போனால், வாடகை நீங்கலாக மற்ற செலவுக்குக் கூட விற்பனை காணாது என்று பொருள். அன்றே கடையைப் பூட்டிவிட்டு வேறு வேலை தேடுவேன்.

முதலீடு

அடுப்பு, பாத்திரங்கள், கிண்ணங்கள் எல்லாம் சேர்த்து 600 கிளாஸ். இதற்காக இரண்டாவது பாட்டில் ஃப்ரிட்ஜை விற்கிறேன். போன கோடை முடிவில், கையில் பணம் நின்ற தைரியத்தில் வாங்கியது. இந்தக் கோடையிலேயே பாதிக்கு மேல் நிரம்பவில்லை. இப்போது விற்றால் 900 வரை கிடைக்கும், ஒருவர் கேட்டிருக்கிறார். குளிரில் விற்கப் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அடுப்புக்கு 600, வருடத் துண்டில் மீந்திருக்கும் 150, போக 150 கையிருப்பு.

உங்களுக்குத் தர வேண்டிய பழைய 4,350 இந்தக் கணக்கில் இல்லை என்பதை ஒளிக்கவில்லை. குடை ரிப்பேர் செய்யும் ஒருவர் மழைமாதங்களில் கூரையின் ஓரத்தில் உட்கார இடம் கேட்கிறார், நாளுக்கு 6 கிளாஸ் தருவதாகச் சொல்கிறார். கட்டட உரிமையாளர் சம்மதித்தால் அந்த 720 நேராக உங்கள் கைக்கு வரும். மீதிக்கு அடுத்த கோடை வரை பொறுக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது

குளிரில் கடை தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டாலும் வீட்டுக்கான 70 எங்கிருந்து வரும்? 120 நாளுக்கு 8,400. இடைப்பட்ட மாதங்களிலும் நாளுக்கு 30 குறையும், அது 3,750. மொத்தம் 12,150. கோடையில் கடைச் செலவும் வீட்டுச் செலவும் போக நாளுக்கு 100 நிற்கிறது. 120 நாளுக்கு 12,000. அதாவது இந்த 100 லாபமே இல்லை. வரப்போகும் எட்டு மாதத்துச் சாப்பாடு அது. அதைத்தான் நான் ஒவ்வொரு வருடமும் லாபம் என்று நினைத்து ஃப்ரிட்ஜாகவும் பெயர்ப் பலகையாகவும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

கோடை பாதி போய்விட்டது. இதுவரை கடந்த 55 நாளுக்கு 5,500 இருக்க வேண்டும், இருப்பது 4,100. குறையும் 1,400ஐ மீதி 65 நாளில் ஈடுகட்ட நாளுக்கு ஏறத்தாழ 122 ஒதுக்க வேண்டும். வெயில் ஏறும் வாரங்கள் இன்னும் இருப்பதால் முடியும் என்று நினைக்கிறேன், ஆனால் சுலபமில்லை.

உங்கள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். தினமும் கடை மூடியதும் அன்றைய தொகையை அதில் போடுவேன். கோடை முடிந்த பிறகு மாதத்தின் முதல் தேதியில் வீட்டுக்குரியதை மட்டும் எனக்கு அனுப்புங்கள். நடுவில் நான் வந்து, “மலிவாக ஒரு மெஷின் வருகிறது, இந்த ஒரு முறை மட்டும்” என்று கேட்டால் தராதீர்கள். நிச்சயம் கேட்பேன். இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுங்கள்.

ஞாயிறு இரவு கடை மூடியதும் 4,100க்கான பணத்துடனும் கணக்கு நோட்டுடனும் வீட்டுக்கு வருகிறேன். இஞ்சியும் கொண்டு வருகிறேன். டீயைக் குடித்துப் பார்த்து, காசு கொடுத்து வாங்குவீர்களா என்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி