கூற்றும் காரணமும்: முகத்துவாரத்துத் தோணிக் கேள்வி

விடைக்கு ஓடாமல் கேள்வியை ஒரு தடவை முழுதாக வாசியுங்கள்.

கூற்று: மாரி காலத்தில் மட்டக்களப்பு வாவியில் அசையாமல் மிதக்கும் ஒரு தோணி, அதே சுமையுடன் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் அங்கும் அசையாமல் மிதக்கும்போது, அதன் மீதான மேலுதைப்பு மாறாது.

காரணம்: கடல்நீரின் அடர்த்தி, மாரி கால வாவி நீரின் அடர்த்தியைவிட அதிகம்.

(1) இரண்டும் உண்மை, காரணம் கூற்றைத் திருத்தமாக விளக்குகிறது.
(2) இரண்டும் உண்மை, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை.
(3) கூற்று உண்மை, காரணம் பொய்.
(4) கூற்று பொய், காரணம் உண்மை.
(5) இரண்டும் பொய்.

கெமிஸ்ட்ரி செய்கிற பிள்ளைகளுக்கு இந்த அமைப்புப் புதிதில்லை, அந்த எம்சிகியூ பேப்பரின் கடைசிப் பத்தும் இப்படித்தானே வரும். பௌதிகவியலுக்கும் இதே பயிற்சி நல்லது, ஏனென்றால் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவரும் விளங்கிப் படித்தவரும் பிரிகிற இடம் இதுதான்.

இந்தக் கேள்விக்கு அதிகம் பேர் போடுகிற விடை (4). காரணத்தை வாசித்ததும் 'அடர்த்தி கூட, அப்போ மேலுதைப்பும் கூடத்தானே வேணும்' என்று மனம் சொல்லிவிடும், கூற்று பொய்யாகிவிடும். இங்கே நடந்தது என்ன? காரணத்தைக் கொண்டு கூற்றை அளந்துவிட்டார்கள். அதனால் முதல் வேலை, காரணம் இருக்கிற வரியைக் கையால் மூடுவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே மூடுங்கள்.

இப்போது கூற்று மட்டும் இருக்கிறது. தோணி அசையாமல் மிதக்கிறது, ஆகவே சமநிலை. நிலைக்குத்தாகக் கீழ்நோக்கி நிறை, மேல்நோக்கி மேலுதைப்பு, வேறு விசை எதுவும் இல்லை. வாவியிலும் மேலுதைப்பு = நிறை, கடலிலும் மேலுதைப்பு = நிறை. அதே தோணி, அதே சுமை, நிறை மாறவில்லை. ஆகவே மேலுதைப்பும் மாறவில்லை. கூற்று உண்மை.

அப்போ U = Vρg என்ன ஆனது, ρ கூடினால் U கூடாதா என்று கேட்பீர்கள். V-யை மறந்துவிட்டீர்கள். V என்பது தோணியின் கனவளவு இல்லை, தோணி இடம்பெயர்த்த நீரின் கனவளவு, அது மாறக்கூடியது. கணக்காகவே பார்ப்போம். தோணி, வலை, ஆட்கள் எல்லாம் சேர்த்துத் திணிவு 410 kg, g = 10 m s⁻² என்று வைத்தால் நிறை 4100 N. மாரியில் வாவிக்குள் ஆறுகளும் மழையும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுவதால் அடர்த்தியைக் கிட்டத்தட்ட 1000 kg m⁻³ என்று எடுக்கலாம், கடலுக்கு 1025 kg m⁻³.

வாவியில்: V = 4100 / (1000 × 10) = 0.410 m³
கடலில்: V = 4100 / (1025 × 10) = 0.400 m³

ρ கூடியது, V குறைந்தது, பெருக்கம் இரண்டு இடத்திலும் 4100 N. வித்தியாசம் 0.010 m³, அதாவது பத்து லீற்றர். நீர்மட்டத்தில் தோணியின் பரப்பு 4 m² என்று வைத்தால் தோணி மேலெழும்புவது 2.5 mm. முகத்துவாரத்து அலையில் அதை யார் காணப்போகிறார்கள், அது வேறு கதை.

சரி, இனிக் கூற்றை மூடுங்கள். காரணம் மட்டும். கடல்நீரில் கரைந்திருக்கும் உப்பு அதிகம், ஒரே கனவளவு நீரின் திணிவு அங்கே கூட. உண்மை. இந்த நேரத்தில் 'இதுக்கும் தோணிக்கும் என்ன தொடர்பு' என்று யோசிக்க வேண்டாம், அது அடுத்த வேலை. தொடர்பில்லை என்பதற்காக ஒரு உண்மையான வசனத்தைப் பொய் என்று வெட்டிவிட்டு (3) போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டும் உண்மை என்றதும் (3), (4), (5) போய்விட்டன. இப்போதுதான் கையை எடுத்து இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் 'ஏனென்றால்' போட்டு வாசித்துக் காதுக்குச் சரியாகப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லித் தருவார்கள், எனக்கு அது போதாது. காது எளிதாக ஏமாறும். நான் செய்யச் சொல்வது இது: காரணத்தைத் தலைகீழாக்குங்கள். கடல்நீரின் அடர்த்தி வாவி நீரைவிடக் குறைவாக இருந்திருந்தால்? தோணி கொஞ்சம் அதிகமாக அமிழ்ந்திருக்கும், ஆனால் மிதக்கும் வரைக்கும் மேலுதைப்பு அதே 4100 N தான். காரணம் தலைகீழானபோதும் கூற்று அசையவில்லை, அப்படியென்றால் கூற்றைத் தாங்கி நிற்பது அந்தக் காரணம் இல்லை. தாங்குவது சமநிலையும் மாறாத நிறையும்.

விடை (2).

அதே காரணத்தை வைத்துக்கொண்டு கூற்றை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 'கடலுக்குப் போனதும் தோணி சற்று உயர்ந்து மிதக்கும்.' தனியாகப் பார்த்தால் உண்மை, மேலே கணக்கிலேயே கண்டோம். காரணத்தைத் தலைகீழாக்கினால் தோணி உயராது, தாழும். கூற்று விழுந்துவிட்டது, ஆகவே இங்கே அது உண்மையான விளக்கம், விடை (1). நங்கூரத்துக்கும் அப்படியே: 'முழுதாக அமிழ்ந்த நங்கூரத்தின் மீதான மேலுதைப்பு வாவியைவிடக் கடலில் அதிகம்.' இங்கே V மாற வழியில்லை, நங்கூரத்தின் கனவளவேதான் V, எனவே ρ கூடினால் U கூடியே ஆக வேண்டும். இதுவும் (1). மிதக்கிறதா அமிழ்ந்திருக்கிறதா என்ற ஒரு சொல்லில்தான் முழுக்கேள்வியும் இருக்கிறது, அதை வாசிக்காமல் சூத்திரத்துக்குப் போனால் வேலை கெட்டது.

இன்னொன்று, இது வேறு விதமாக ஏமாற்றுவது. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கூற்று: நீரில் ஒலியின் கதி வளியில் உள்ளதைவிட அதிகம்.

காரணம்: ஊடகத்தின் அடர்த்தி கூடினால் ஒலியின் கதி எப்போதும் கூடும்.

கூற்று உண்மை, வளியில் ஏறத்தாழ 340 m s⁻¹, நீரில் ஏறத்தாழ 1500 m s⁻¹. காரணத்தைச் சேர்த்து வாசித்தால் 'நீர் அடர்த்தி கூட, அதனால்தான்' என்று அழகாகப் பொருந்தும், கையும் (1) பக்கம் போகும். கூற்றை மூடிவிட்டுக் காரணத்தைத் தனியே பாருங்கள். பாயியில் ஒலியின் கதி v = √(K/ρ), K என்பது கனவளவு மீள்தன்மை மட்டு. ρ கீழே இருக்கிறது, K மாறாமல் அடர்த்தி மட்டும் கூடினால் கதி குறையும். நீரில் கதி கூட இருப்பதற்குக் காரணம் K, அது நீருக்கு ஏறத்தாழ 2.2 × 10⁹ Pa, வளியைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிது, அடர்த்தியின் கூடுதலையும் மீறிவிடுகிறது. அந்த 'எப்போதும்' என்ற சொல் இருக்கும்போதே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். காரணம் பொய், விடை (3). பொய்யான ஒன்று எதையும் விளக்க முடியாது என்பதால் இங்கே மூன்றாவது வேலைக்கே போகத் தேவையில்லை.