தவறு கண்டால் பயப்படாமல் சொல்லுங்கள்
திருப்பூர் பின்னலாடைப் பிரிவு, எல்லா ஷிப்ட் தொழிலாளர்களுக்கும்

ஓ.டி. பார்த்த நேரம் சம்பளச் சீட்டில் குறைகிறதா? பி.எஃப். பிடித்தும் கணக்கில் ஏறவில்லையா? தீ விபத்து வழிக் கதவைப் பூட்டி, முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களா? எங்களிடம் சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததை நல்லெண்ணத்தோடு சொன்னால் போதும், ஆதாரம் தேடுவது எங்கள் வேலை.

கேன்டீன் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் பெட்டி இருக்கிறது. அங்கே கேமரா கிடையாது. பெயரோ டோக்கன் நம்பரோ எழுத வேண்டாம். தமிழ், இந்தி, ஒடியா எதிலும் எழுதலாம். சாவி வெளி ஆடிட்டரிடம்தான். லைன் சூப்பர்வைசரோ மேனேஜரோ திறக்க முடியாது. திங்கட்கிழமைதோறும் திறப்பார்கள்.

பாலியல் தொல்லை என்றால், நடந்த 3 மாதத்துக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் தலைவர் ஒரு பெண். எழுத வராவிட்டால் குழுவே எழுத உதவும். வெளியே பேச நினைத்தால் 181 மகளிர் உதவி எண்.

சொன்னவரை வேலையை விட்டு நிறுத்துவது, லைன் மாற்றுவது, ஓ.டி. தராமல் விடுவது, ஹாஸ்டலில் மிரட்டுவது எல்லாமே குற்றமாகக் கருதப்படும். அப்படி நடந்தால், அதையும் அதே பெட்டியில் போடுங்கள்.