புதிய கிராஃப்ட் பீர் வகைகளும் சுவைப்பு மாலையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம்

பாரதியார் சாலை,
காரைக்கால்.
2026 பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கடையில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும், வாரந்தோறும் வந்து பெயர் சொல்லிப் பழகிய அன்பர்களுக்கும் மட்டும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பிப்ரவரி 16, திங்கட்கிழமை முதல் ஐந்து வகைக் கிராஃப்ட் பீர்கள் நம் கடையில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்குவதற்கு முன் அளவோடு சுவைத்துப் பார்ப்பதற்காக, பிப்ரவரி 21, சனிக்கிழமை மாலை 6.30 மணி முதல் 8.30 மணி வரை, கடையின் மாடியில் உள்ள எங்கள் உரிமம் பெற்ற பாரில் ஒரு சுவைப்பு மாலை நடத்த இருக்கிறோம். தாங்கள் வர வேண்டும் என்று அன்புடன் அழைக்கிறேன்.

கிராஃப்ட் பீர் என்றால் என்ன என்று கடந்த சில வாரங்களாகப் பலர் கேட்டார்கள். பெரிய ஆலைகளில் ஒரே சுவையில் இலட்சக்கணக்கில் அடைத்து அனுப்புவதற்கு மாறாக, சிறிய ஆலைகளில், சிறிய தொட்டிகளில், தயாரிப்பவரே ருசி பார்த்துப் பார்த்து இறக்கும் பீர் என்று சொல்லலாம். மூலப்பொருள்கள் என்னவோ எல்லாப் பீருக்கும் பொதுவானவைதான்: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட், ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ஆம் ஆண்டு போட்ட ஆணை தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் பீரில் சேரக் கூடாது என்றது. ஈஸ்ட் செய்யும் வேலை அன்று யாருக்கும் புரிந்திருக்கவில்லை. மால்ட்டை எவ்வளவு வறுப்பது, ஹாப்ஸை எந்த நேரத்தில் போடுவது, எந்த ஈஸ்ட்டை எந்தச் சூட்டில் விடுவது என்ற மூன்று முடிவுகளில்தான் ஒரு பீர் இன்னொன்றிலிருந்து முழுவதுமாக வேறாகிப் போகிறது. ஒரே புழுங்கலரிசியில் ஒரு வீட்டு இட்லி பூவாகவும் இன்னொரு வீட்டு இட்லி கல்லாகவும் வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

வரவிருக்கும் ஐந்தில் மூன்று கோவாவில் உள்ள ஒரு சிறிய ஆலையிலிருந்தும், இரண்டு பெங்களூருவில் உள்ள ஒன்றிலிருந்தும் வருகின்றன. முதலாவது அரிசி சேர்த்த லாகர், ஆல்கஹால் 4.5 சதவீதம். பார்லியோடு அரிசியும் சேர்வதால் நாக்கில் கனமில்லாமல், தெளிவாக, சட்டென்று முடிகிற சுவை இதற்கு உண்டு. சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளடியாகக் கிடக்கும் இந்த நாளில், அரிசியில் பிறந்த ஒரு பீரை முதலில் வைப்பது பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாவது பெல்ஜிய முறைக் கோதுமை பீர், 4.9 சதவீதம். முளைகட்டாத கோதுமையோடு ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டுக் காய்ச்சுவது இதன் வழக்கம். நாம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் வறுக்கிற அதே தனியாதான். மாதிரிக் கேன் வந்த அன்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி தனியாவைக் கொண்டுவந்து அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கி, ஒரு பக்கம் அதை முகர்ந்து, மறு பக்கம் தம்ளரை முகர்ந்து பார்த்தேன். இரண்டிலும் அந்த இலேசான எலுமிச்சை வாசம் ஒன்றாகவே இருந்தது. சுவைப்பு மாலையிலும் மேசைமேல் நசுக்கிய தனியா ஒரு கிண்ணத்தில் இருக்கும். தாங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது ஜெர்மன் முறைக் கோதுமை பீர், 5.2 சதவீதம். இதைத் திறந்தால் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். பழமும் சேர்க்கவில்லை, கிராம்பும் சேர்க்கவில்லை. அந்த மணம் முழுக்க ஈஸ்ட் நொதிக்கும்போது தானாக உண்டாக்குவது. வடிகட்டாததால் கலங்கலாக இருக்கும். கலங்கலைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று யாரும் திருப்பித் தந்துவிட வேண்டாம்.

நான்காவது இந்தியா பேல் ஏல், 6.2 சதவீதம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களுக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து வந்த பீர் என்பதால் இதற்கு இந்தப் பெயர். வழியில் கெடாமலிருக்க ஹாப்ஸைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். ஹாப்ஸுக்குக் கிருமிகளை அண்டவிடாத குணம் உண்டு. கசப்பு தூக்கலாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் பாகற்காயையும் வேப்பம்பூ ரசத்தையும் விரும்பிச் சாப்பிடுகிற ஊர் நம்முடையது. முதல் மடக்கில் முகம் சுளித்தாலும் மூன்றாவது மடக்கில் அந்தக் கசப்புக்குப் பின்னால் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளியது போன்ற ஒரு வாசம் எழும். எனக்கு ஐந்திலும் மிகவும் பிடித்தது இதுதான்.

ஐந்தாவது கருப்பு நிற ஸ்டவுட், 5 சதவீதம். நிறத்தைப் பார்த்து ‘ஸ்ட்ராங்’ என்று நினைப்பவர்கள் அதிகம். பார்லியைக் கருக வறுப்பதால் வந்த நிறமே தவிர அதற்கும் போதைக்கும் தொடர்பில்லை. கும்பகோணத்துக் காபிக் கடையில் சர்க்கரை போடாத முதல் டிக்காஷனை ருசித்தவர்களுக்கு இந்தச் சுவை புதிதல்ல.

இவற்றைக் கொண்டுவரச் சற்றுத் தாமதமானதற்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு மே மாதமே பன்னிரண்டு பெட்டிகள் வரவழைத்தேன். அனுப்பியவர் குளிர்வசதி இல்லாத லாரியில் ஏற்றிவிட்டார். வண்டி வழியில் பழுதாகி இரண்டு நாள் வெயிலில் நின்றிருக்கிறது. பெட்டியை இறக்கிய கையோடு ஒரு கேனைத் திறந்தேன். கசப்பும் இல்லை, மணமும் இல்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடைதான் வந்தது. சூடு பட்டால் பீரில் அந்த வாடை விரைவில் வந்துவிடும். கிராஃப்ட் பீரைப் பெரும்பாலும் சூடாக்கிப் பதப்படுத்துவதில்லை என்பதால் ஆலையிலிருந்து தம்ளர் வரை குளிர் விடாமல் தொடர வேண்டும். அந்தப் பன்னிரண்டு பெட்டியில் ஒரு கேனைக்கூட நான் விற்கவில்லை. அதன் பிறகு இரண்டு கண்ணாடிக் கதவு சில்லரும், கரண்ட் போனால் அவற்றைத் தாங்கக் கூடிய ஜெனரேட்டரும் வாங்கி, குளிர்பதன வண்டியில் மட்டுமே சரக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்கிய பின்னரே இந்த முறை ஆர்டர் கொடுத்தேன். ஒவ்வொரு கேனின் அடியிலும் அடைத்த தேதி இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். இந்தியா பேல் ஏலின் மணம் நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும் என்பதால், அடைத்து மூன்று மாதம் கடந்த கேனை எங்கள் அலமாரியில் வைக்க மாட்டோம். 500 மில்லி கேன் ஒன்றின் விலை வகையைப் பொறுத்து 180 ரூபாய் முதல் 260 ரூபாய் வரை.

சுவைப்பு மாலையில் 24 பேருக்கு மட்டுமே இடம் இருக்கிறது. ஒவ்வொரு வகையிலும் 90 மில்லி வீதம் மொத்தம் 450 மில்லி தருவோம். அதற்கு மேல் அன்று யாருக்கும் ஊற்ற மாட்டோம். இந்த ஐந்து தம்ளரிலும் சேர்ந்துள்ள ஆல்கஹால் ஏறத்தாழ 23 மில்லி. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் இருப்பது 52 மில்லி. பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். “அண்ணே, எது நல்லா ஏறும்?” என்று கேட்பவர்களே அதிகம், “எது நல்லா இருக்கும்?” என்று கேட்பவர்கள் குறைவு. குறைவாகக் குடித்து, குடிப்பதை ருசித்துக் குடிக்கும் வாடிக்கையாளர்கள் எனக்கு வேண்டும். இந்த மாலையை நடத்துவதே அதற்காகத்தான். இலேசான லாகரில் தொடங்கி ஸ்டவுட்டில் முடிப்போம். லாகரை நன்றாகக் குளிரவைத்தும், ஸ்டவுட்டைச் சில்லரிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியில் வைத்தும் ஊற்றுவோம். அதிகக் குளிர் நாக்கை மரத்துப் போகச் செய்து ருசியை மறைத்துவிடும். தயவுசெய்து ஐஸ் கட்டி கேட்க வேண்டாம். இடையிடையே வாயைச் சுத்தம் செய்ய வெறும் பொரியும் தண்ணீரும் இருக்கும். கோதுமை பீருக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலும், பேல் ஏலுக்கு மிளகு தூக்கலாகப் போட்ட நெத்திலி வறுவலும், ஸ்டவுட்டுக்கு இறால் தொக்கும் சமையற்கட்டில் ஏற்பாடாகிறது. சைவம் சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட்டால் வாழைப்பூ வடை செய்து வைப்போம்.

கட்டணம் ஒருவருக்கு 600 ரூபாய். அதில் 300 ரூபாயை அம்மாத இறுதிக்குள் தாங்கள் வாங்கும் கிராஃப்ட் பீரில் கழித்துக்கொள்ளலாம். பிப்ரவரி 14-க்குள் கடைக்கு நேரில் வந்து பெயர் கொடுத்து டோக்கன் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன். 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. இளையவராகத் தெரிகிறவர்கள் அடையாள அட்டை கொண்டு வரவும். தம்பதியராக வருபவர்களுக்குத் தனி மேசை ஒதுக்குகிறோம். நிகழ்ச்சி குறித்துக் கலால் துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெற்றிருக்கிறோம்.

இரண்டு விஷயங்களில் மட்டும் தங்கள் ஒத்துழைப்பை உறுதியாக எதிர்பார்க்கிறேன். முதலாவது, அன்று யாரும் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது. பழக்கமான ஆட்டோக்காரர்கள் நான்கு பேரை 8.30 மணிக்குக் கடை வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். நகர எல்லைக்குள் அவர்கள் கட்டணம் எங்கள் பொறுப்பு. பைக்கில் வருபவர்கள் சாவியைக் கல்லாவில் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் பெற்றுக்கொள்ளலாம். வண்டி பின்கட்டில் பத்திரமாக இருக்கும். இரண்டாவது, நாகூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வரும் அன்பர்கள் கேன்களை வாங்கி எல்லை தாண்டி எடுத்துச் செல்ல வேண்டாம். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊர் இன்று புதுச்சேரியைச் சேர்ந்தது. ஒரே காவிரித் தண்ணீரைக் குடிக்கிறோம் என்றாலும், வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம்தான். எங்கள் கடை கேனால் தங்களுக்கு ஒரு சோதனைச் சாவடியில் தலைக்குனிவு வருவதை நான் விரும்பவில்லை.

மற்ற பீர்களும் வழக்கமான சரக்குகளும் எப்போதும் போலக் கிடைக்கும். அவற்றின் விலையில் மாற்றம் எதுவும் இல்லை.

சுவைத்த பிறகு ஐந்தில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்வேன். அடுத்த ஆர்டரை அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் கொடுக்கப் போகிறேன். ஆகவே பிடிக்காததையும் தயங்காமல் எழுதுங்கள்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,

இரா. செல்வமணி
உரிமையாளர்