2026-27 பட்ஜெட் மீட்டிங்: அஜெண்டாவும், உக்காருறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒத்துக்க வேண்டிய விதிகளும்

நம்ம ஆஸ்பத்திரியோட எல்லா டிபார்ட்மெண்ட் இன்சார்ஜுக்கும் வணக்கம். மார்ச் 7, சனிக்கிழமை, காலைல 9:30க்கு மாடி ஹால்ல மீட்டிங். இது கொஞ்சம் நீளமா இருக்கும், ஆனா தயவு செஞ்சு முழுசா படிச்சிட்டு வாங்க, ஏன்னா இந்த தடவ முறைய மாத்துதோம்.

முதல்ல கணக்கு. பத்து டிபார்ட்மெண்ட்டும் சேந்து கேட்டிருக்கது 2 கோடியே 16 லட்சம். கைல இருக்கது 1 கோடியே 40 லட்சம், அதுல 10 லட்சம் அவசரத்துக்குன்னு ஒதுக்கி வச்சிட்டா பங்கு வைக்க 1 கோடியே 30 தான். அப்போ 86 லட்சத்துக்கு யாரோ ஒருத்தருக்கு இல்லன்னு சொல்லித்தான் ஆகணும், அது யாருக்கு, எதுக்குங்கிறது தான் அன்னைக்கு பேச்சு. எல்லாருக்கும் சமமா 40 சதவீதம் வெட்டிட்டு போயிருவோம்னு போன வாரம் ஒருத்தர் சொன்னாங்க, அது நடக்காது. அப்படி வெட்டுனா கணக்கு போட்டு நேர்மையா கேட்டவருக்கு அடி விழும், ஏத்தி கேட்டவருக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த வருஷம் எல்லாருமே ஏத்தித்தான் கேப்பாங்க.

ஏன் முறைய மாத்துதோம்னு சொல்லணும். 2023 ஆரம்பத்துல நடந்த பட்ஜெட் மீட்டிங்ல மெயின்டனன்ஸ் அண்ணாச்சி ஒரு தாள்ல பேனாவால எழுதி கொண்டு வந்திருந்தாரு, ஜெனரேட்டர தரையில இருந்து நாலடி தூக்கி மேடை கட்டி வைக்கணும், 3 லட்சத்து 40 ஆயிரம் ஆகும்னு. அவரு பேர் லிஸ்ட்ல கடைசில இருந்துச்சு. அவருக்கு முன்னால பேசுனவங்க எல்லாம் ஸ்லைடு போட்டு முக்கா மணி நேரம் முக்கா மணி நேரமா பேசிட்டாங்க, சாயங்காலம் ஆறு மணியாச்சு, எல்லாரும் பைய எடுத்துட்டு எந்திரிக்காங்க, அப்போ அந்த தாள்ல 'அடுத்த வருஷம்'னு எழுதுனது நான் தான். அந்த டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழையும் தாமிரபரணில வந்த தண்ணியும் நம்ம யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட பெஞ்சுது, இங்க நம்ம காம்பவுண்டுக்குள்ள ஆறு வந்துச்சு. கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் தண்ணிக்குள்ள. ஐசியூல சிஸ்டருங்க மாத்தி மாத்தி, நோயாளிக்கு மூச்சு குடுக்குற அம்பு பையை கையால அமுக்கிட்டு நின்னாங்க, ஒரு சிஸ்டர் விரல மடக்க முடியாம மறுநாள் டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சு காப்பி குடிச்சத நான் பாத்தேன். ஜெனரேட்டர் ரூம் செவுத்துல அந்த தண்ணி நின்ன கோடு இன்னும் இருக்கு, என் தோளு உசரம். அப்புறம் ரிப்பேருக்கு 9 லட்சம் குடுத்தோம், மேடையும் கட்டுனோம். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லல. அதனால தான் இந்த தடவ வரிசைய நானே தலகீழா போட்டிருக்கேன்.

அன்னைக்கு நடக்கப்போற வரிசை:

9:30 – இருப்பு எவ்வளவு, கேட்டது எவ்வளவு, பத்து நிமிஷம், நான் சொல்லுதேன்.
9:40 – மெயின்டனன்ஸ், 31 லட்சம் (கரண்ட் பேனல் போர்டு மாடிக்கு மாத்துறது, லிஃப்ட்). 20 நிமிஷம்.
10:00 – லாண்டரியும் ஹவுஸ்கீப்பிங்கும், 6 லட்சத்து 20 ஆயிரம். 12 நிமிஷம்.
10:12 – கேன்டீன், 3 லட்சம். 8 நிமிஷம் போதும்னு அவங்களே சொல்லிட்டாங்க.
10:20 – ஆம்புலன்ஸ், 21 லட்சம். 12 நிமிஷம்.
10:32 – டீ.
10:45 – டயாலிசிஸ், 24 லட்சம். 20 நிமிஷம்.
11:05 – நர்சிங், 14 பேர் புதுசா, 29 லட்சத்து 30 ஆயிரம். 20 நிமிஷம்.
11:25 – பார்மசி, 12 லட்சம். 12 நிமிஷம்.
11:37 – லேப், 38 லட்சம். 20 நிமிஷம்.
11:57 – பில்லிங்கும் கம்ப்யூட்டரும், 17 லட்சத்து 50 ஆயிரம். 12 நிமிஷம்.
12:09 – ஆபரேஷன் தியேட்டர், 34 லட்சம். 20 நிமிஷம்.
12:30 – கமிட்டி மட்டும் உக்காந்து வரிசைப்படுத்தும், மத்தவங்க சாப்பிட போகலாம்.
2:00 – முடிவ எல்லார் முன்னாலயும் வாசிப்போம், காரணத்தோட.

குடுத்திருக்க நேரத்துல பாதி நீங்க பேசுறது, பாதி கேள்வி. மணி அடிச்சா நிறுத்திரணும், அது சீஃப் டாக்டரா இருந்தாலும் சரி. ஸ்லைடு இந்த தடவ யாருக்கும் கிடையாது. ஒரு பக்கத் தாள், அவ்வளவு தான், கையால எழுதுனாலும் சரி, தமிழ்ல இருந்தா ரொம்ப நல்லது. லாண்டரி அக்கா போன தடவ "எனக்கு பேச வராது சார்"னு சொல்லி சூப்பர்வைசர அனுப்பிட்டாங்க, இந்த தடவ அவங்களே வரணும், வேலை செய்யுறவங்க வாயால கேக்கணும். அவங்க பேசும்போது யாரும் குறுக்க விழக்கூடாது, திருத்தவும் கூடாது.

தாள்ல முக்கியமா ஒரே ஒரு கேள்விக்கு பதில் வேணும்: இந்த காசு குடுக்கலன்னா அடுத்த மார்ச்சுக்குள்ள நோயாளிக்கோ வேலை பாக்குறவங்களுக்கோ என்ன ஆகும்? 'சிரமமா இருக்கும்'னு எழுதுனா நான் திருப்பி அனுப்பிருவேன். எத்தன பேர் காத்திருக்காங்க, மாசத்துல எத்தன தடவ மெஷின் நின்னுச்சு, எத்தன பேர வெளிய அனுப்புனோம்னு உங்க ரிஜிஸ்டர பாத்து எழுதுங்க, ரிஜிஸ்டரையும் கையோட கொண்டு வாங்க. கேட்டதுல எது கட்டாயம், எது ஆறு மாசம் பொறுக்கும், எது இல்லன்னாலும் ஓடும்னு நீங்களே பிரிச்சிருங்க. எல்லாமே கட்டாயம்னு ஒருத்தர் எழுதுனா, எதுல கை வைக்கணும்னு கமிட்டி அவங்கள கேக்காமலே முடிவு பண்ணும்.

விலை விஷயத்துல கொஞ்சம் நிக்கேன், ஏன்னா இங்க தான் வருஷா வருஷம் தப்பு வருது. கொட்டேஷன்ல 'ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா'ன்னு இருந்தா அந்த வரியும் நம்ம காசு தான், ஆஸ்பத்திரி சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கதால நாம கட்டுற வரிய திரும்ப கழிச்சுக்க முடியாது, அதனால வரி சேத்த தொகைய எழுதுங்க. அதே மாதிரி 2025 செப்டம்பர் 22க்கு முன்னால வாங்குன கொட்டேஷன் எதுவும் செல்லாது, அன்னைக்கு வரி விகிதம் மாறிட்டு, ஆம்புலன்ஸ் 28ல இருந்து 18க்கு வந்துட்டு, ஏசியும் அப்படித்தான், மருத்துவ கருவிங்க நிறைய 5 சதவீதத்துக்கு வந்துட்டு. ஆம்புலன்ஸ் 21 லட்சம் கேட்டு வந்த கொட்டேஷன் ஜூலை தேதி போட்டிருக்கு, அத மாத்தி வாங்கிட்டு வாங்க, குறையும்.

நர்சிங் இன்சார்ஜ் மேடம் கணக்கு சரியா போட்டிருக்காங்க, மத்தவங்களும் ஆள் கேட்டா அப்படித்தான் போடணும்னு இங்க எழுதுதேன். சம்பளம் 15,000னா அது 15,000 இல்ல. பிஎஃப்ல நம்ம பங்கும் மத்த சார்ஜும் சேத்து 13 சதவீதம், 1,950. ஈஎஸ்ஐ நம்ம பங்கு 3.25 சதவீதம், 488. மாசம் 17,438, வருஷம் 2,09,256, பதினாலு பேருக்கு 29 லட்சத்து 30 ஆயிரம் கிட்ட. போனசும் கிராஜுவிட்டியும் இதுல சேரல, அத நாங்க பொதுக்கணக்குல பாத்துக்குதோம்.

டயாலிசிஸுக்கு ஒரு விஷயம். ரெண்டு மெஷின் கேட்டிருக்கீங்க, நியாயம், ராத்திரி ஷிஃப்ட்டுக்கு கடையத்துல இருந்தும் களக்காட்டுல இருந்தும் பஸ் பிடிச்சு வாரவங்கள நான் பாக்குதேன். ஆனா ஒரு மெஷினுக்கு நிமிஷத்துக்கு 500 மில்லி தண்ணி, நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். இப்ப ஆறு மெஷினுக்கு மணிக்கு 180 லிட்டர், எட்டாச்சுன்னா 240. நம்ம ஆர்ஓ பிளாண்ட் மணிக்கு 250ன்னு போர்டு தொங்குது, ஆனா பழைய மெம்பரேன்ல அவ்வளவு வருதான்னு ஒரு பக்கெட்டும் வாச்சும் வச்சு அளந்து பாருங்க. வரலன்னா மெஷினோட ஆர்ஓவையும் சேத்து கேளுங்க, மெயின்டனன்ஸ் அண்ணாச்சியோட சேந்து ஒரே தாளா குடுங்க. மெஷின் வந்து தண்ணி இல்லாம மூலையில கெடக்குறத விட இப்பவே முழுசா கேக்குறது நல்லது.

லேப் 38 லட்சம் கேட்டிருக்கது தான் லிஸ்ட்லயே பெருசு. மெஷின் விலை மட்டும் போதாது, அஞ்சு வருஷத்துக்கு ரீஏஜென்ட் எவ்வளவு, வாரண்டி முடிஞ்ச பிறகு சர்வீஸ் காண்ட்ராக்ட்ல ஸ்பேர் பார்ட்ஸும் அடங்குமா அடங்காதா, இதெல்லாம் வேணும். மெஷின கம்பெனியே வச்சிட்டு ரீஏஜென்ட் மட்டும் நாம வாங்குற முறைக்கும் ஒரு விலை வாங்கிட்டு வாங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்போம்.

பேசுற முறை பத்தி. கேள்வி கேக்குறது கோரிக்கைய பத்தி இருக்கணும், ஆள பத்தி இருக்கக்கூடாது. "போன வருஷம் வாங்கினத என்ன பண்ணீங்க"ன்னு கேக்கலாம், கேக்கவும் வேணும், "உங்களுக்கு எப்பவும் இதே தான்"னு சொன்னா மினிட்ஸ்ல எழுதிருவோம். அடுத்த டிபார்ட்மெண்ட் தாள படிக்காம அதுக்கு எதிரா பேசக்கூடாது. தியேட்டர் கோரிக்கை வரும்போது சீஃப் டாக்டர் தலைமை நாற்காலில இருந்து எந்திரிச்சு கேக்குறவங்க பக்கம் உக்காருவாரு, அவரே ஒத்துக்கிட்டாரு, அந்த இருபது நிமிஷத்துக்கு ட்ரஸ்ட் செயலாளர் தலைமை. கம்பெனிக்காரங்க யாராவது உங்கள ஊருக்கோ ஹோட்டலுக்கோ கூட்டிட்டு போயிருந்தா அத முன்னாடியே தாள்ல எழுதிருங்க, எழுதுனா தப்பில்ல, மறைச்சா அந்த கோரிக்கையே நிக்காது.

முடிவு வந்த பிறகு செயலாளர் வீட்டுக்கு போய் பேசுறது, டிரஸ்டிக்கு ராத்திரி போன் போடுறது, இது ரெண்டும் இனி கிடையாது. மனசு ஒத்துக்கலன்னா மார்ச் 11 சாயங்காலத்துக்குள்ள எழுதி குடுங்க, புதுசா ஒரு தகவல் இருந்தா கமிட்டி திரும்ப பாக்கும். பழைய தகவலையே திரும்ப சொன்னா பாக்காது.

மார்ச் மாசம் காசு மிச்சம் இருக்கு, செலவழிக்காட்டா போயிரும்னு ஒரு பேச்சு எப்பவும் வருது. தர்ம ட்ரஸ்ட்ங்கிறதால வருமானத்துல 85 சதவீதம் ட்ரஸ்ட் நோக்கத்துக்கு செலவாகணும்ங்கிறது உண்மை, ஆனா குறிப்பிட்ட வேலைக்குன்னு எழுதி குடுத்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஒதுக்கி வைக்கவும் சட்டத்துல வழி இருக்கு. அதனால கடைசி வாரத்துல திரை, நாற்காலின்னு பில் அனுப்பாதீங்க, மிச்சத்த சொல்லுங்க, பேனல் போர்டு கணக்குல சேத்துருவோம்.

தாள மார்ச் 4, புதன்கிழமை சாயங்காலம் 5 மணிக்குள்ள அக்கவுண்ட்ஸ்ல குடுக்கணும், அன்னைக்கு ராத்திரியே பத்தையும் ஜெராக்ஸ் போட்டு எல்லாருக்கும் அனுப்பிருவேன். கணக்கு போட தெரியாதவங்க செவ்வாக்கிழமை மத்தியானம் 2 மணிக்கு மேல வாங்க, பக்கத்துல உக்காந்து நானே போட்டு குடுக்கேன். வார்டுல யாரு பாத்துக்குறாங்கன்னு ஏற்பாடு பண்ணிட்டு வாங்க, மத்தியான சாப்பாடு கேன்டீன்ல எல்லாருக்கும் சொல்லிருக்கு.

அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்